மண்ணுக்குள் போட்ட தார்சு

என் அண்ணன் குடியிருந்த வாடகை வீட்டின் மேற்குச் சுவர் ஒரு மத்தியான வேளையில் விழுந்தது. மழை விட்டு இரண்டு நாள் ஆகி, வெயில்கூட அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த அவருடைய நாலு வயது மகளின் காலில் மண்கட்டிகள் சரிந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. கால் கூடிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு என் நங்கை எந்தச் சுவரையும் நம்பவில்லை. அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவோம்.

அண்ணன் பொள்ளாச்சி ரூட்டில் ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். சுவர் விழுந்த அடுத்த வருடம் கோபாலபுரத்துக்கு மேற்கே, வாய்க்காலை ஒட்டி, சின்னதாக ஒரு இடம் வாங்கினார். கான்கிரீட் கூரை போட்ட தார்சு வீடு கட்டுவதுதான் அவர் ஆசை. ஓட்டு வீட்டிலும் ஓலை வீட்டிலும் பிறந்து வளர்ந்தவருக்கு மொட்டை மாடியில் நின்று வாளையாறு மலையைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. கம்பி வாங்கி வைத்துவிட்டார். சிமெண்ட் அப்போதெல்லாம் பெர்மிட்டில்தான் கிடைக்கும். தாலுக்கா ஆபீசுக்கு நடையாய் நடந்து எழுபது மூட்டைக்குப் பெர்மிட் வாங்கியிருந்தார். இன்னொரு பெர்மிட் எப்போது கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

நான் கோயமுத்தூரில் டிப்ளமா படித்துவிட்டு, வாய்க்கால் வேலைப் பிரிவில் ஓவர்சியராக இருந்தேன். குடும்பத்தில் கட்டட வேலை படித்தவள் நான் ஒருத்திதான். ஆனாலும் அண்ணன் உடனே என்னைக் கூப்பிடவில்லை. காரணம் எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் என் மாமனாருக்கு ஒரு தறிக்கூடம் கட்டினோம். அஸ்திவாரத்துக்கு நான்தான் கடைக்கால் அளவு சொன்னேன். அது மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்குகிற கரிசல் மண். நான் குழியைப் பார்த்தது வெயில் காலத்தில். இரண்டாம் வருடம் மழைக்குச் சுவர் மூலைக்கு மூலை வாய் பிளந்துகொண்டது. உள்ளங்கையை நுழைக்கலாம். மாமனார் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

சித்திரை நடுவில் நங்கைதான் பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தாள். மேஸ்திரி நாளைக்குக் குழி போடுகிறார், ஒருதரம் வந்து பார் என்றாள். எதற்கு என்று கேட்டேன். அந்த இடம் முன்னே குட்டையாக இருந்ததாம், பக்கத்துக் காட்டுக்காரம்மா சொன்னாள் என்றாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாள்.

மறுநாள் போனபோது மேஸ்திரி கயிறு கட்டி முடித்திருந்தார். ஐம்பது வயதுக்காரர், கோயமுத்தூரில் மில் கட்டடங்களில் வேலை பார்த்தவர். கெட்டிக்காரர் என்று பெயர். இருபத்துநாலடிக்குப் பதினெட்டடி வீடு, இரண்டு அறையும் ஒரு சமையலறையும். அதற்கு ஒன்பது பில்லர் என்று அவர் திட்டம். ஒவ்வொரு பில்லருக்கும் தனித்தனிக் குழி, அடியில் நாலடிச் சதுரத்தில் கான்கிரீட். மேலே பில்லர்களைப் பீமால் கட்டி, நடுவே செங்கல் சுவர், தலைக்கு மேல் தார்சு. அந்த ஊரில் அப்படி ஒரு வீடு அதுவரை இல்லை. அண்ணனுக்கு அதுவே பிடித்துப்போயிருந்தது.

கிழக்குப் பக்கக் குழி மூன்றடி போனதுமே கல் மாதிரி இறுகிய சுக்கான் மண்ணில் நின்றது. கடப்பாரை பட்டு ணங்கென்று சத்தம் வந்தது. மேஸ்திரி என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். மேற்குப் பக்கம் மூன்றடியில் ஈரக் கருமண், நாலடியில் தண்ணீர் கசிந்தது. ஐந்தடியில் தகர டப்பா மூடியும் அழுகிய தென்னை மட்டையும் வந்தன. குட்டையைத் தூர்த்த யாரோ கைக்குக் கிடைத்ததையெல்லாம் போட்டிருக்கிறார்கள். இன்னும் கீழே போனால் கெட்டி மண் வரும், அங்கே பில்லரை நிறுத்திவிடலாம் என்றார் மேஸ்திரி. அவர் சொன்னதில் தப்பில்லை. கெட்டித் தரை எட்டும் ஆழத்தில் இருந்தால் தனிப் பில்லர் நல்ல வழிதான். எட்டினால்.

நான் அப்போதே வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். ஐந்தடிக்குக் கீழே இளக்க மண்ணில் பக்கவாட்டுப் பலகை கொடுக்காமல் ஆளை இறக்கக்கூடாது. அது எனக்குத் தெரியும். வாய்க்கால் வேலையில் அதற்காகக் கூலிக்காரர்களிடம் சத்தம் போட்டவள் நான். இங்கே, தறிக்கூடத்தைக் கட்டியவள் வாய் திறக்கிறாள் என்று அண்ணன் நினைப்பாரோ என்று சும்மா நின்றேன். எட்டடி ஆனது. ஆட்கள் தயங்கியதால் மேஸ்திரியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கி, கடப்பாரையைக் கையால் அழுத்தினார். கடப்பாரை பாதிக்கு மேல் தானாக இறங்கியது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் முதல் தடவையாகச் சந்தேகம் தெரிந்தது.

அப்போதுதான் குழியின் வாய்க்கால் பக்கத்துக் கரை சரிந்தது. சத்தமே இல்லை. ஈரத்துணி கொடியிலிருந்து நழுவுகிற மாதிரி ஒரு பாளம் கழன்று அவர் இடுப்பு வரை மூடிவிட்டது. மண்வெட்டி போட்டால் காலை வெட்டிவிடும் என்று நாலு பேர் குப்புறப் படுத்துக் கையாலேயே அள்ளினார்கள். எதிர்க்கரையிலும் விரிசல் ஓடுவதை நான் பார்த்தேன். எல்லாரையும் விளிம்பைவிட்டுத் தள்ளிப் பலகை மேல் படுக்கச் சொல்லிக் கத்தினேன். அண்ணன் கயிற்றை மேஸ்திரியின் கக்கத்தில் போட்டு இழுத்தார். அவர் உதடு நீலமாக இருந்தது. அரை மணி நேரம் ஆனது என்று பிற்பாடு சொன்னார்கள். வெளியே வந்து உட்கார்ந்ததும் முதலில் தன் கால் விரல்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

“பில்லர் வேண்டாமுங்க அம்மிணி. இதுக்கு அடியே இல்லீங்க.”

அன்றைக்கு வேலை நின்றது. அடுத்த நாலு நாள் அந்த இடத்தில் யாரும் கால் வைக்கவில்லை. வைகாசி முடிந்தால் மேற்கே இருந்து மழை வந்துவிடும். அதற்குள் தரை மட்டத்துக்கு மேலே வராவிட்டால் குழிகள் எல்லாம் திரும்பக் குட்டையாகிவிடும்.

ஐந்தாம் நாள் அண்ணன் ஒரு முடிவோடு வந்தார். ஊரில் எல்லாரும் போடுகிற கருங்கல் கடைக்கால் போட்டுவிடலாம் என்றார். சுவர் ஓடும் வழியெல்லாம் வாய்க்கால் மாதிரி நீளமாகத் தோண்டி, இரண்டரை அடி அகலத்துக்குக் கருங்கல் அடுக்கி, அதன் மேல் சுவர். மேஸ்திரியும் ஒத்துக்கொண்டார். வேண்டுமானால் மேற்குப் பக்கம் கல் கொஞ்சம் கூடப் போடலாம் என்றார். தனிப் பில்லரைவிட அது மேல் என்று நானும் நினைத்தேன். அங்கங்கே சின்னச் சின்ன இளக்கம் இருந்தால் நீளக் கடைக்கால் அதைத் தாண்டி நின்றுகொள்ளும். ஆனால் இங்கே இளக்கம் அங்கங்கே இல்லை. வீட்டில் பாதி சுக்கான் மேலும் பாதி சேற்றின் மேலும் உட்காரப்போகிறது. கருங்கல் அடுக்கு எடையைத் தாங்குமே தவிர வளைந்து கொடுக்காது. ஒரு பாதி இறங்கி மறு பாதி இறங்காவிட்டால் நடுவில் பிளக்கும். தறிக்கூடத்தில் நான் போட்டதும் அதே நீளக் கடைக்கால்தான்.

இதைச் சொன்னபோது அண்ணன் பீடியைப் பற்றவைத்தார். நான் சொல்லி அவர் நம்பப்போவதில்லை என்று புரிந்தது. மண்ணையே சொல்லவைக்கலாம் என்றேன்.

ஒரு சதுர அடியில் தட்டையான கருங்கல் பலகை ஒன்றைச் செதுக்கச் சொன்னேன். கிழக்கே ஒன்றும் மேற்கே ஒன்றுமாக மூன்றடியில் இரண்டு குழி. பலகையைக் குழியின் அடியில் சமமாக வைத்து, அதன் மேல் ஒரு கட்டை, கட்டையின் தலையில் மேடை. மேடை சாயாமல் இருக்கச் சுற்றிலும் நாலு குச்சி, தொட்டும் தொடாமலும். அரிசி மில் தராசில் ஐம்பது கிலோவாக நிறுத்துப் பத்து மூட்டை மணல் கொண்டுவந்தோம். குழிக்குத் தள்ளி இரண்டு முளை அடித்து நூல் கட்டி, கட்டையில் ஒரு கோடு போட்டேன். கோடு நூலைவிட்டு எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தால் போதும்.

கிழக்கே பத்து மூட்டையும் ஏற்றினோம். கோடு ஒரு நெல்மணி கனத்துக்கு இறங்கியதோ என்னவோ. மேற்கே நாலு மூட்டை வரை பேசாமல் இருந்தது. ஆறாவது மூட்டைக்குக் கால் அங்குலம் இறங்கியது. அப்புறம் ஒவ்வொரு மூட்டைக்கும் கண் எதிரே இறங்க ஆரம்பித்தது. பத்தாவது மூட்டைக்கு ஓர் அங்குலத்தைத் தாண்டியது. அப்படியே விட்டு மறுநாள் காலையில் வந்து பார்த்தபோது இன்னும் அரை அங்குலம் போயிருந்தது. சின்னப் பலகை ஒரே ராத்திரியில் காட்டுவது இவ்வளவுதான். வீட்டின் எடை இதைவிட ஆழத்துக்கு, வருடக்கணக்காக அழுத்தும் என்று சொன்னேன். மேஸ்திரி குத்துக்காலிட்டு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு சதுர அடிக்கு ஐந்து மூட்டைக்கு மேல் இந்த மண்ணுக்குக் கொடுக்கக்கூடாது என்று நான் வைத்துக்கொண்டேன். இரண்டரை அடிக் கடைக்காலில் தார்சு வீடு வைத்தால் ஒன்பது மூட்டை வரும். ஐந்துக்குள் கொண்டுவர வேண்டுமானால் கடைக்கால் எவ்வளவு அகலம் வேண்டும்? வாயால் சொல்வதைவிடக் காட்டுவது நல்லது என்று சுண்ணாம்புப் பொடி வாங்கிக்கொண்டு தரையிலேயே கோடு போட்டேன். நாலடிக்கும் மேலே வந்தது. கோடு போட்டு முடித்தபோது அறைகளின் நடுவில் கட்டில் போடும் அளவுக்கு வெறும் தரை மிஞ்சியது, மற்றதெல்லாம் கடைக்கால். பிறகு வேறு பக்கத்தில் ஒன்பது பில்லருக்கும் வேண்டிய சதுரங்களைப் போட்டுக் காட்டினேன். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஆறடிச் சதுரம். வீட்டின் தரையில் பாதிக்கு மேல் சதுரங்களே அடைத்துக்கொண்டன.

மேஸ்திரி சுண்ணாம்புக் கோடுகளின் மேல் ஒரு சுற்று நடந்து வந்தார். “இத்தனைக்கும் தோண்டறதுக்கு மொத்தமாவே போட்டுப்போடலாமே” என்றார்.

நான் சொல்ல இருந்ததும் அதுதான். வீடு முழுவதற்கும் அடியில் ஒரே கான்கிரீட் பலகை. சுவர்களுக்கு வெளியே ஓரடி தள்ளி, இருபத்தாறுக்கு இருபது, ஆறங்குலக் கனம், சுவர் வரும் இடத்தில் மட்டும் பீம் மாதிரி கூடுதல் ஆழம். படித்த இடத்தில் அதை ராஃப்ட் என்பார்கள். எடை முழுப் பரப்பிலும் பரவிவிடும். ஓர் இடத்தில் மண் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் பலகை மொத்தமாகத்தான் இறங்கும், துண்டு துண்டாக இறங்காது. பெரிய கட்டடங்களுக்குத் துளை போட்டு ஆழத்துக்குக் கான்கிரீட் கால் இறக்குவதையும் படித்திருந்தேன். அதற்கான கருவியை இந்த வீட்டுக்கு யார் கொண்டுவருவார்கள்?

பிறகு கணக்கைச் சொன்னேன். பலகைக்கும் பீமுக்கும் சேர்த்து அறுபது மூட்டைக்கு மேல் சிமெண்ட். கம்பி இரண்டு அடுக்கு. அண்ணன் தார்சுக்கென்று வாங்கி வைத்த கம்பி அவ்வளவும் உள்ளே போய்விடும். மேலே ஓடுதான். சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்து.

அண்ணன் சுண்ணாம்புக் கோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

“ஏம் பாப்பா, தார்சக் கொண்டுபோய் மண்ணுக்குள்ள போடச் சொல்றியா? யாரு பாப்பாங்க அத?” என்றார் கடைசியில்.

தார்சு போட்டாலும் ராஃப்டின் மேல் கணக்கு ஐந்து மூட்டைக்குள்தான் வருகிறது, ஆனால் அந்த விளிம்பிலேயே நிற்கிறது, ஓடு என்றால் நாலுக்குள் அடங்கிவிடும் என்றேன். சிமெண்ட் இன்னும் கிடைத்தால் தார்சு போடுவாயா என்று கேட்டார். மாட்டேன் என்றேன். அந்தப் பதிலுக்கு அவர் கோபப்படவில்லை. தறிக்கூடத்தைப் பற்றிக் கேட்டார். அங்கே என்ன தப்பு நடந்தது என்று எனக்கு இப்போது தெரியுமா என்றார். தெரியும் என்றேன். ஒரே ஒரு குழி, அதுவும் காய்ந்த காலத்தில் பார்த்துவிட்டு, மற்ற இடமும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பினேன். இங்கே மட்டும் தப்பாது என்று சொல்ல முடியுமா என்றார். முடியாது என்றேன். இறங்கும், ஆனால் ஒன்றாக இறங்கும் என்று நினைக்கிறேன். சத்தியம் செய்ய மாட்டேன் என்றேன்.

நங்கை வேலி ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அண்ணன் பேசும்போது குறுக்கே வருகிறவள் இல்லை. அன்று வந்தாள்.

“மாடி எனக்கு வேண்டாங்க. சுவத்தோரம் புள்ளையப் போட்டுட்டு பயமில்லாம மூணு நேரம் சோறாக்கோணும், அவ்வளவுதான்” என்றாள் அண்ணனிடம். பிறகு என் பக்கம் திரும்பி, “நீ போடு” என்றாள்.

அண்ணன் எழுந்து பஸ் வேலைக்குப் போய்விட்டார். அதுதான் அவர் சம்மதம்.

ஆனால் ஒரு சிக்கல் எனக்கு அதற்குப் பிறகுதான் உறைத்தது. கிழக்கே சுக்கான் தரைமட்டத்துக்கு மூன்றடியில் இருக்கிறது. அங்கே பலகை கிட்டத்தட்ட அசையாது. மேற்கே இறங்கும். கெட்டியும் இளக்கமும் சேரும் கோட்டில் பலகையே முறியப் பார்க்கும். கெட்டி மண் பக்கத்தையும் கொஞ்சம் மெத்தென்று ஆக்கினால்தான் இரண்டும் ஒத்துப்போகும். கிழக்கே சுக்கானையும் வெட்டி எடுத்து, அந்த இடத்தில் மணல் போட வேண்டும் என்றபோது மேஸ்திரி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“கெடைக்காத கெட்டி கெடைச்சிருக்குது. அதைப் போயி வெட்டச் சொல்றீங்களே.”

காரணத்தைச் சொன்னேன். கட்டிலின் ஒரு கால் கல்லிலும் மற்ற மூன்றும் சேற்றிலும் இருந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டார். ஆட்கள் இரண்டு நாள் சுக்கானோடு மல்லுக்கட்டி இரண்டடி வெட்டினார்கள். வழியில் போனவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். மேற்கே மேல்சேற்றை எடுத்துக் கிராவலும் மணலும் போட்டு, பழைய ஆழக் குழியைக் கல்லும் மணலுமாக அடைத்து, எல்லாவற்றையும் அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டுத் திமுசுக் கட்டையால் இடித்தோம். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாலங்குலம்.

கம்பி கட்டும்போது மேஸ்திரிக்கும் எனக்கும் மறுபடி முட்டியது. அவர் கை தார்சுக்குப் பழகிய கை. அறை நடுவில் கம்பியை அடியில் வைப்பார். இங்கே மண் கீழிருந்து மேலே தள்ளுகிறது, சுவர்கள் மேலிருந்து அழுத்துகின்றன. அறை நடுவில் பலகை மேல்பக்கமாகத்தான் விரியும். அதனால் நடுவில் மேல் கம்பி முக்கியம், சுவருக்கு நேர் அடியில் கீழ்க் கம்பி முக்கியம். இரண்டு அடுக்கும் முழுசாகப் போடுகிறோம், ஆனால் மேல் அடுக்கு மேலேயே நிற்க வேண்டும் என்றேன். சிறிது யோசித்துவிட்டு, “தார்சக் குப்புறப் போட்ட மாதிரிங்க” என்றார். அதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் பாடம் நடத்தியதில்லை. கம்பித் துண்டுகளை வளைத்து முக்காலி மாதிரி செய்து, மேல் அடுக்கை அவற்றின் மேல் நிறுத்தினோம்.

கான்கிரீட் போட்ட நாளுக்கு இருபத்தைந்து ஆட்கள். பலகை ஒரே மூச்சில் முடிய வேண்டும். பாதியில் நின்று மறுநாள் தொடர்ந்தால் அந்த ஒட்டு பலவீனம். நான் லீவு போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் வந்தேன். அண்ணனும் அன்று வேலைக்குப் போகவில்லை. விடியும்போதே தொடங்கி, மேற்கு மூலையிலிருந்து கிழக்கே வந்தோம். பத்து மணிக்குக் கால்வாசி ஆகியிருந்தது. மேற்கே மலைக் கணவாய்ப் பக்கம் வானம் ஈயச் சட்டி நிறத்துக்கு மாறியது. காற்று நின்றுபோனது. அங்கே காற்று நிற்பது நல்லதில்லை.

ஆட்கள் வேகமெடுத்தார்கள். சட்டி கைமாறிக் கைமாறிப் பறந்தது. ஒரு மணி வாக்கில் நடு அறையில் இரும்புக் குச்சியால் ஆழம் குத்திப் பார்த்தேன். மேல் கம்பி இரண்டங்குலத்துக்குள் தட்ட வேண்டும். தட்டவில்லை. இன்னும் குத்தினேன். நாலங்குலத்துக்குக் கீழே தட்டியது. ஆட்கள் வேகத்தில் முக்காலிகளின் மேலேயே மிதித்து நடந்து, கம்பியை அடிக் கம்பியோடு ஒட்டவைத்துவிட்டார்கள். சமையலறைப் பக்கமும் அப்படியே.

நிறுத்துங்கள் என்றேன். யாரும் கேட்கவில்லை. மேஸ்திரியின் கையைப் பிடித்து இழுத்து வந்து குத்திக் காட்டினேன். அவர் மேற்கே வானத்தைப் பார்த்தார். மழை அடித்துவிட்டால் போட்டதெல்லாம் கழுவிப்போய்விடும், அடியில் இருந்தாலும் கம்பி கம்பிதானே என்றார். போட்டதை அள்ளிக் கம்பியைத் தூக்க ஒரு மணி நேரமாவது ஆகும். கான்கிரீட் இன்னும் இளகலாக இருந்தது. இன்னும் சிறிது நேரம் போனால் அதுவும் முடியாது. அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அவரிடம் விளக்கவில்லை, நேரமில்லை. “அண்ணா, இப்படியே விட்டா சுவரு பொளக்கும்” என்றேன்.

அவர் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுச் சேற்றுக்குள் இறங்குகிற மாதிரி கான்கிரீட்டுக்குள் இறங்கினார். வளைந்த கடப்பாரை முனையைக் கம்பிக்கு அடியில் கொடுத்துத் தூக்கினார். மேஸ்திரி ஒரு கணம் நின்றார். பிறகு ஆட்களைப் பார்த்து ஒரே ஒரு சத்தம் போட்டார். நாலு பேர் தூக்க, நாலு பேர் புது முக்காலிகளைச் சொருக, நான் மண்டியிட்டு ஒவ்வொரு கட்டமாகக் குத்திப் பார்த்துச் சரி, சரி என்று சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்தேன். முக்காலி தீர்ந்ததும் செங்கல் துண்டு வேண்டாம், சிமெண்ட் கட்டிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். நங்கை பக்கத்து வீடுகளிலிருந்து தென்னங்கீற்றும் பாயும் சாக்கும் திரட்டிக்கொண்டு வந்து, முடிந்த இடங்களை மூடிக்கொண்டே வந்தாள். ஆட்கள் நடக்க இந்தத் தடவை கம்பியைத் தொடாமல் கல் அடுக்கிப் பலகை போட்டோம்.

கிழக்கு விளிம்பில் கடைசிச் சட்டி விழும்போது சாயங்காலம் ஐந்தரை இருக்கும். முதல் துளிகள் பெரிதாக விழுந்தன. நாங்கள் கீற்றுகளின் மேல் கல் வைத்துவிட்டு வாய்க்கால் மேட்டில் நனைந்துகொண்டே நின்றோம். பத்து நிமிடம் கொட்டிவிட்டு விட்டது. கிழக்கு ஓரத்தில் ஒரு முழ நீளத்துக்கு மேல்பூச்சு கழுவிப்போயிருந்தது, அவ்வளவுதான். அண்ணன் கை இரண்டும் சிமெண்டில் வெந்து பத்து நாள் டிக்கெட் கிழிக்க முடியாமல் இருந்தார்.

சுவர்கள் ஆவணியில் எழும்பின. பலகையின் நாலு மூலையிலும் நான் ஒவ்வொரு ஆணி பதித்திருந்தேன். மாதம் ஒருமுறை மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப் பிடித்து, வாய்க்கால் மதகின் கல்லோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். சுவர் ஏற ஏற இறங்கியது. ஓடு வேய்ந்த பிறகும் நிற்கவில்லை. தை மாதம் பார்த்தபோது மேற்கு மூலைகள் ஒன்றரை அங்குலத்துக்குப் பக்கம் போயிருந்தன, கிழக்கு மூலைகள் ஓர் அங்குலம். அரை அங்குல வித்தியாசம். அதை அண்ணனிடம் சொன்னேன். அவர் அறைக்கு அறை போய்க் கதவுகளைத் திறந்து மூடிப் பார்த்தார். எல்லாம் பொருந்தின. சரிதான் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

அடுத்த கோடையில் தெற்குப் பக்கம் சமையலறைச் சுவரில் மயிர் போல ஒரு விரிசல் வந்தது. ராத்தூக்கம் போய்விட்டது எனக்கு. போய்ப் பார்த்தேன். வீட்டைச் சுற்றி மூன்றடிக்குத் தளம் போட்டு, விளிம்பு மண் காய்ந்து சுருங்காமலும் மழைத் தண்ணீர் ஊறாமலும் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். தெற்குப் பக்கம் மட்டும் அதைப் போடாமல், அங்கே பாத்திரம் கழுவும் தண்ணீரைத் தேங்கவிட்டிருந்தார்கள். தளம் போட்டு, தண்ணீரை வாய்க்காலுக்குத் திருப்பிவிட்டோம். விரிசல் அதற்குமேல் நீளவில்லை. நான் அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன். நங்கை வெள்ளையடிக்கும்போது அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு அடித்தாள்.

மூன்றாம் வருடம் ஆணிகள் அசைவதை நிறுத்தின. நான் அளப்பதையும் நிறுத்தினேன்.

மேஸ்திரி அதற்கப்புறம் அந்த வட்டாரத்தில் நிறைய வீடு கட்டினார். ராஃப்ட் இன்னும் ஒன்றுதான் போட்டார் என்று நினைக்கிறேன். பெரும்பாலான இடங்களுக்கு அது தேவையில்லை, கருங்கல் கடைக்காலே போதும். ஆனால் எந்த வீட்டுக்கும் வேலை தொடங்குமுன் நாலு மூலையிலும் குழி போட்டுப் பார்ப்பார். ஐந்தடிக்குக் கீழே போனால் பக்கவாட்டுப் பலகை கொடுக்காமல் ஆளை இறக்கமாட்டார். எனக்கு அவர் வழியாகச் சில வேலைகள் வந்தன. ஒருமுறை அவர் சொன்ன இடத்தில் குழியைப் பார்த்துவிட்டு, எனக்கு இந்த மண்ணைப் பற்றிச் சொல்லத் தெரியவில்லை, மழைக்குப் பிறகு இன்னொரு தடவை பார்க்கிறேன் என்றேன். வீட்டுக்காரர் முகம் சுளித்தார். மேஸ்திரி அவரைச் சமாதானப்படுத்தி, நாலு மாதம் வேலையைத் தள்ளிவைத்தார்.